நிறுவனம் முடிவுசெய்வது அளவையா, விலையையா? சில்லோர் முற்றுரிமைக் கேள்வியை வாசிக்கும் முறை

பொருளியல் எம்.ஏ. தேர்விலும் நெட் தேர்விலும் இரண்டு நிறுவனங்கள் போட்டிபோடும் கணக்கு அடிக்கடி வரும். அதில் மார்க் போவது பெரும்பாலும் கணக்குப் பிழையால் அல்ல. மாணவர் கேள்வியைப் பாதி படித்ததும் தேவைச் சமன்பாட்டைப் பிடித்துக்கொள்கிறார், லாபத்தை எழுதுகிறார், வகையிடுகிறார், விடையும் வந்துவிடுகிறது. ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை. விடைத்தாள் திருத்தும்போது இதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். ஒரு பக்கம் முழுக்கப் பிழையில்லாத கணக்கு இருக்கும், கேள்வியில் இருந்த ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியது. பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். நிறுவனம் தன் கையால் எழுதிக் கொடுக்கும் எண் அளவா, விலையா? இரண்டாவது நிறுவனம் தன் எண்ணை எழுதும்போது முதல் நிறுவனத்தின் எண் அதற்குத் தெரியுமா, தெரியாதா? மாதிரியின் பெயர் இந்த இரண்டு பதில்களிலிருந்து தானாக வந்துவிடும்.

முதலில் எழுவாயைப் பாருங்கள்

கேள்வியில் 'விலை' என்ற சொல் இருக்கிறதா என்று தேடாதீர்கள். எல்லாக் கேள்வியிலும் விலை இருக்கும். அதன் வினைச்சொல்லைப் பாருங்கள், அந்த வினையைச் செய்வது யார் என்று பாருங்கள்.

'ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையை நிர்ணயிக்கிறது' என்றால் எழுவாய் நிறுவனம். முடிவு விலையைப் பற்றியது. 'இரு நிறுவனங்களும் உற்பத்தி செய்ததெல்லாம் விற்றுத் தீரும்படி விலை அமைகிறது' என்றால் விலை தானாக அமைகிறது, அதை யாரும் வைக்கவில்லை. அங்கே நிறுவனத்தின் கையில் இருப்பது அளவு மட்டுமே. 'எவ்வளவு உற்பத்தி செய்வது', 'எத்தனை ஏக்கரில் பயிரிடுவது', 'எத்தனை விமானங்களை இயக்குவது' என்பவை எல்லாம் அளவு. 'விலைப்பட்டியல் வெளியிடுகிறது', 'ஒப்பந்தப்புள்ளியில் விலை குறிப்பிடுகிறது', 'தள்ளுபடி அறிவிக்கிறது' என்பவை விலை.

வாக்கியம் தெளிவாக இல்லாவிட்டால் தேவைச் சமன்பாடு ஒரு துப்பு தரும். `P = 84 - Q` என்று விலை இடப்பக்கம் தனியாக நின்று, வலப்பக்கம் மொத்த அளவு இருந்தால் கேள்வி தயாரித்தவர் அளவை மனதில் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். `q1 = 84 - 2p1 + p2` என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விலை இருந்தால் பெரும்பாலும் விலைப் போட்டி. ஆனால் இது துப்புதான், தீர்ப்பு இல்லை. ஒரே சமன்பாட்டை இப்படியும் எழுதலாம், புரட்டி அப்படியும் எழுதலாம். வாக்கியமும் சமன்பாடும் வேறு வேறு பக்கம் இழுத்தால் வாக்கியத்தின் பக்கம் நில்லுங்கள்.

இந்தப் பிரிவினை பழையது. 1838-இல் கூர்னோ இரண்டு கனிமநீர் ஊற்றுகளின் உரிமையாளர்களைக் கற்பனை செய்து, அவர்கள் அளவை முடிவுசெய்வதாக வைத்துக் கணக்குப் போட்டார். 1883-இல் பெர்ட்ராண்டு அந்த நூலை விமர்சித்தபோது, ஒருவர் விலையைச் சற்றுக் குறைத்தால் வாங்குபவர்கள் எல்லாரும் அவர் பக்கம் போய்விடுவார்களே என்று கேட்டார். ஊற்றும் தண்ணீரும் மாறவில்லை, கையில் இருக்கும் எண் மட்டும் மாறியது. விடை எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

பிறகு, யாருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

'ஒரே நேரத்தில்' என்ற சொல்லைக் கடிகாரத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை. இங்கே முக்கியம் தகவல், நேரம் இல்லை. முதல் நிறுவனம் ஜனவரியில் முடிவெடுத்து உறையில் போட்டு ஒட்டிவிட்டது, இரண்டாவது ஜூனில் முடிவெடுக்கிறது, அந்த உறையை யாரும் பிரிக்கவில்லை என்றால் பொருளியலில் அது 'ஒரே நேரம்'தான். ஐந்து நிமிட இடைவெளிதான் என்றாலும், முதல் எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டாவது எண் எழுதப்பட்டால் அது 'அடுத்தடுத்து'.

எனவே தேட வேண்டிய சொற்கள் 'முதலில்', 'பின்னர்' மட்டுமல்ல. 'கண்ட பிறகு', 'அறிந்துகொண்டு', 'கவனித்துவிட்டு' ஆகியவையும் வேண்டும். ஆங்கில வினாத்தாளில் 'ஆஃப்டர் அப்சர்விங்' என்று வருவது இதுதான். அதற்கு எதிர்ப்பக்கம் 'சுதந்திரமாக', 'மற்றவரின் முடிவை அறியாமல்', 'சைமல்டேனியஸ்லி' என்பவை நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சொற்றொடர் எப்போதும் குழப்பும். அது 'மற்ற நிறுவனத்தின் உற்பத்தி மாறாது எனக் கொண்டு'. படிக்கும்போது, மற்றவரின் உற்பத்தி ஏற்கெனவே தெரிந்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. நான் என் அளவை மாற்றினால் அவர் தன் அளவை மாற்றமாட்டார் என்று நான் நம்புகிறேன் என்பதே பொருள். இரு நிறுவனங்களுக்கும் இதே வரி சொல்லப்பட்டிருந்தால் அது கூர்னோ. ஒருவருக்கு மட்டும் சொல்லி, மற்றவர் 'அதன் எதிர்வினையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு' முடிவெடுக்கிறார் என்று இருந்தால், அந்த மற்றவர்தான் தலைவர். அது 1934-இல் ஸ்டேக்கல்பெர்க் தந்த மாதிரி.

தமிழில் எழுதப்பட்ட கேள்வியில் இன்னொரு சொல்லிலும் நிதானம் வேண்டும். 'இருவரும் சேர்ந்து முடிவெடுக்கின்றனர்' என்றால் ஒரே நேரத்தில் என்றும் படிக்கலாம், கூட்டுச் சேர்ந்து என்றும் படிக்கலாம். பக்கத்தில் 'கூட்டு லாபம்', 'ஒப்பந்தம்', 'கார்டெல்' போன்ற ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது போட்டியே இல்லை, இருவரும் ஒரே முற்றுரிமையாளர் போல நடக்கிறார்கள்.

ஒரே கணக்கு, ஒரு வாக்கியம் மட்டும் மாறுகிறது

கூர்னோவின் ஊற்றையே நம் ஊர் கேனில் பிடித்துவைப்போம். இரண்டு நிறுவனங்கள் ஒரே மாதிரித் தண்ணீர் விற்கின்றன. ஒரு கேன் நிரப்ப இருவருக்கும் 12 ரூபாய் ஆகிறது, வேறு செலவு இல்லை. தேவை `P = 84 - Q`. கேள்வியின் கடைசி வாக்கியத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம்.

*'இரு நிறுவனங்களும் ஒன்றின் முடிவை மற்றொன்று அறியாமல் உற்பத்தியைத் தீர்மானிக்கின்றன.'* அளவு, ஒரே நேரம். முதல் நிறுவனத்தின் லாபம் `(72 - q1 - q2)q1`. q2-ஐ மாறாத எண்ணாக வைத்து வகையிட்டால் `q1 = (72 - q2)/2`. இதுதான் எதிர்வினைச் சார்பு. மற்றவருக்கும் இதே வடிவம். இரண்டையும் தீர்த்தால் ஆளுக்கு 24 கேன், மொத்தம் 48, விலை 36 ரூபாய். ஆளுக்கு லாபம் 576.

*'முதல் நிறுவனம் தன் உற்பத்தியைத் தீர்மானிக்கிறது. அதைக் கண்ட பிறகு இரண்டாவது தீர்மானிக்கிறது.'* அளவு, அடுத்தடுத்து. பின்னால் இருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவருடைய எதிர்வினை `q2 = (72 - q1)/2` என்று ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை முதல்வரின் லாபத்தில் பொருத்தினால் `(72 - q1)q1/2` ஆகிறது. இப்போது வகையிட்டால் q1 = 36, q2 = 18. மொத்தம் 54, விலை 30. முதல்வருக்கு லாபம் 648, இரண்டாமவருக்கு 324.

இந்த இடத்தில் ஒரு பிழையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மாதிரியைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள். முதலில் வகையிட்டு, `72 - 2q1 - q2 = 0` என்று எழுதி, அதற்கு அப்புறம் q2-க்குப் பதிலாக எதிர்வினையைப் பொருத்துகிறார்கள். அப்படிச் செய்தால் q1 = 24 என்று வரும். அது கூர்னோ விடை. 'என் அளவு கூடினால் அவர் குறைத்துக்கொள்வார்' என்பது தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமானால், வகையிடும் முன்பே அது லாபத்துக்குள் போயிருக்க வேண்டும். அடையாளம் எளிது. தலைவர் இருக்கும் கேள்வியில், செலவும் ஒன்றாக இருக்கும்போது, உங்கள் விடையில் இருவருக்கும் சம அளவு வந்தால் பொருத்தும் வரிசை தவறிவிட்டது.

*'இரு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் விலையை அறிவிக்கின்றன. நுகர்வோர் விலை குறைந்தவரிடம் வாங்குகின்றனர்.'* விலை, ஒரே நேரம், ஒரே மாதிரிப் பொருள். இங்கே வகையிடவே வேண்டாம், வகையிடவும் முடியாது. ஒருவர் 36 ரூபாய் வைத்தால் மற்றவர் 35 வைத்து எல்லா வாடிக்கையாளரையும் எடுத்துக்கொள்வார். அவரை 34 முந்தும். இது 12 ரூபாயில்தான் நிற்கும். மொத்தம் 72 கேன், இருவருக்கும் லாபம் பூச்சியம். விடைத்தாளில் இந்தக் காரணத்தை இரண்டு மூன்று வரியில் எழுதினால் போதும். செலவு வேறுபட்டால், உதாரணமாக ஒருவருக்கு 12, மற்றவருக்கு 20 என்றால், குறைந்த செலவுக்காரர் 20-க்கு ஒரு துளி கீழே வைத்துச் சந்தை முழுவதையும் எடுத்துக்கொள்வார்.

*'இருவரும் கூட்டு லாபத்தை உச்சப்படுத்த ஒப்புக்கொள்கின்றனர்.'* மொத்தம் 36 கேன், விலை 48, இருவருக்கும் சேர்த்து லாபம் 1296.

மொத்த அளவை வரிசையாகப் பார்த்தால் கூட்டு 36, கூர்னோ 48, ஸ்டேக்கல்பெர்க் 54, பெர்ட்ராண்டு 72. நேர்கோட்டுத் தேவையும் ஒரே மாதிரிச் செலவும் இருக்கும் கணக்கில் இந்த வரிசை மாறாது. தேர்வில் நேரம் இருந்தால் உங்கள் விடை எந்த இடத்தில் விழுகிறது என்று ஒரு முறை பாருங்கள். தலைவர் இருக்கும் கணக்கில் மொத்த அளவு கூர்னோவை விடக் குறைவாக வந்தால் எங்கோ கை நழுவியிருக்கிறது.

விலையில் தலைவர் இருந்தால்

அடுத்தடுத்து விலை வைக்கும் கேள்வி பெரும்பாலும் வேறுபட்ட பொருட்களுக்குத்தான் வரும். ஒரே மாதிரிப் பொருளில் முதலில் விலை சொல்பவரை மற்றவர் ஒரு ரூபாய் குறைத்து முந்திவிடுவார், சொன்னவருக்கு எதுவும் மிஞ்சாது. எனவே `q1 = 84 - 2p1 + p2`, `q2 = 84 - 2p2 + p1`, செலவு பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே நேரத்தில் விலை வைத்தால் எதிர்வினை `p1 = (84 + p2)/4`. இருவரும் 28 ரூபாய் வைப்பார்கள், லாபம் ஆளுக்கு 1568. முதல் நிறுவனம் முன்னால் விலை அறிவித்து, இரண்டாவது அதைக் கண்ட பிறகு வைத்தால், முன்பு போலவே எதிர்வினையை லாபத்தில் பொருத்தி வகையிட வேண்டும். p1 = 30, p2 = 28.5 வரும். லாபம் முதல்வருக்கு 1575, இரண்டாமவருக்கு 1624.5.

லாபங்களைக் கவனியுங்கள். இருவருக்கும் லாபம் கூடியிருக்கிறது, ஆனால் பின்னால் வந்தவருக்கு அதிகம் கூடியிருக்கிறது. அளவில் முந்துபவருக்கு ஆதாயம், ஏனென்றால் அவர் கூட்டினால் மற்றவர் குறைக்கிறார். விலையில் அவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்றுகிறார், ஆனால் சற்றுக் குறைவாக ஏற்றி வாடிக்கையாளரை இழுத்துக்கொள்கிறார். 'தலைவருக்குத்தான் எப்போதும் அதிக லாபம்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சரியான விடையைத் தாங்களே அடித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அடிக்க வேண்டாம்.

'விலைத் தலைமை' என்ற தொடர் வேறொரு மாதிரிக்கும் வரும். ஒரு பெரிய நிறுவனம் விலை வைக்கிறது, சுற்றியிருக்கும் பல சிறு நிறுவனங்கள் 'அந்த விலையை ஏற்றுக்கொண்டு' தங்கள் அளிப்பைத் தீர்மானிக்கின்றன. அங்கே பின்வருபவர்கள் விலை வைப்பதே இல்லை. சிறு நிறுவனங்களின் அளிப்பைச் சந்தைத் தேவையிலிருந்து கழித்து, மிச்சத் தேவையில் பெரிய நிறுவனத்தை முற்றுரிமையாளராக நடத்த வேண்டும். கேள்வியில் சிறு நிறுவனங்களுக்கு ஓர் அளிப்புச் சமன்பாடு தனியாகக் கொடுத்திருந்தால் அது இதுதான்.

இரண்டு முடிவு உள்ள கேள்வி

சில கேள்விகளில் நிறுவனம் இரண்டு தடவை முடிவெடுக்கும். 'முதலில் இருவரும் ஆலையின் கொள்ளளவைத் தீர்மானிக்கின்றனர். அதை இருவரும் அறிந்த பின் விலை வைக்கின்றனர்.' கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பெர்ட்ராண்டு என்று எழுதிவிடாதீர்கள். 1983-இல் கிரெப்ஸும் ஷைங்க்மனும், சில எடுகோள்களின் கீழ், இப்படிப்பட்ட ஆட்டத்தின் முடிவு கூர்னோ முடிவாகவே இருக்கும் என்று காட்டினார்கள். ஆலை 24 கேனுக்கு மேல் தராது என்றால் விலையைக் குறைத்து மற்றவரின் வாடிக்கையாளரை இழுப்பதில் பயனில்லை, அவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லை. 'கொள்ளளவு', 'உச்ச வரம்பு' போன்ற சொல் எங்காவது இருந்தால் நின்று யோசியுங்கள்.

எந்தத் துப்பும் இல்லாமல், `P = 84 - Q` என்று கொடுத்து 'சமநிலையைக் காண்க' என்று மட்டும் கேட்டால், 'நிறுவனங்கள் ஒரே நேரத்தில் உற்பத்தியைத் தீர்மானிப்பதாகக் கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கூர்னோவைப் போடுங்கள். அந்த வரி இல்லாமல் போட்டால், திருத்துபவருக்கு நீங்கள் யோசித்துச் செய்தீர்களா என்று தெரியாது.

ஒரு கேள்வியைப் படித்துப் பார்ப்போம்

வகுப்பில் நான் கொடுக்கும் கேள்வி இது. எண்கள் மேலே உள்ளவைதான்.

'அ நிறுவனம் பல ஆண்டுகளாக இயங்குகிறது, ஆ புதிதாக வந்தது. ஒவ்வொரு காலையிலும் இரண்டும் எத்தனை கேன் நிரப்புவது என்று தீர்மானிக்கின்றன. லாரி சந்தைக்கு வரும்வரை மற்றவர் எத்தனை கொண்டுவருகிறார் என்று தெரியாது. கொண்டுவந்தது முழுவதும் தீரும் விலையில் விற்கின்றன. (1) சமநிலை என்ன? (2) அ தன் எண்ணிக்கையை முந்திய மாலையே அறிவிப்புப் பலகையில் எழுதுகிறது, எழுதியதை மாற்ற முடியாது. சமநிலை என்ன? (3) எழுதியதை அ காலையில் ரகசியமாக மாற்றிக்கொள்ளலாம் என்றால்?'

பென்சிலால் 'எத்தனை கேன் நிரப்புவது' என்பதன் கீழ் கோடு போடுங்கள். எழுவாய் நிறுவனம், முடிவு அளவு. 'தீரும் விலையில்' என்பது அதை உறுதிசெய்கிறது. 'பல ஆண்டுகளாக', 'புதிதாக' இரண்டும் வெறும் தோற்றம். யாருக்கு முன்பே தெரியும் என்று அவை எதுவும் சொல்லவில்லை. 'தெரியாது' என்ற சொல்தான் சொல்கிறது. எனவே (1) கூர்னோ, 24-ம் 24-ம்.

(2)-இல் பலகையை ஆ பார்க்கிறது, அ மாற்றவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் தலைமை. விடை 36-ம் 18-ம்.

(3)-இல் பலகை இன்னும் இருக்கிறது, 36 என்று எழுதியும் இருக்கிறது. இங்கேதான் வகுப்பில் பாதிப்பேர் மறுபடி 36, 18 என்று எழுதுவார்கள். ஆ 18 கேன் நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அ-வுக்குச் சிறந்தது எவ்வளவு? எதிர்வினைச் சார்பில் போட்டால் (72 − 18)/2 = 27. அதாவது 36 என்று எழுதிவிட்டு, காலையில் 27 மட்டும் நிரப்பிக்கொண்டு வருவதே அ-வுக்கு நல்லது. இது ஆ-வுக்கும் தெரியும், அதனால் அது பலகையை நம்பாது, 18-இல் நிற்காது. ஒருவரின் எதிர்வினையும் மற்றவரின் எதிர்வினையும் ஒத்துப்போகும் இடம் 24-ம் 24-ம்தான். கேள்வியில் 'மாற்ற முடியாது' என்பது 'ரகசியமாக மாற்றலாம்' என்று ஆனதும், ஸ்டேக்கல்பெர்க் திரும்பவும் கூர்னோவாகிவிட்டது.